தொகைக்கு முன்னால் கணக்கு: ஒரு ஊதிய ஒப்பந்தத்தை எப்படிப் பேசினோம்

ஊதிய ஒப்பந்தம் முடிகிற நேரத்தில் புதிதாகப் பொறுப்புக்கு வந்த சங்க நிர்வாகிகள் யாராவது போன் செய்தால், எல்லாரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: “தோழர், எவ்வளவு கேட்கலாம்?” அதற்கு நான் உடனே பதில் சொல்வதில்லை. போன ஒப்பந்தம் தொடங்கிய மாதத்தில் விலைவாசிக் குறியீட்டெண் என்னவாக இருந்தது என்று கேட்பேன். அது தெரியாமல் போய் உட்கார்ந்தால், பேச்சு முழுக்க நிர்வாகம் போட்டுவைத்த கணக்கின் மேல்தான் நடக்கும். நாம் பத்தாயிரம் என்போம், அவர்கள் ஆயிரம் என்பார்கள், நடுவில் எங்கேயோ போய் நிற்கும். அங்கே ஏன் நின்றது என்று வாயிற்கூட்டத்தில் யாராவது கேட்டால் நம்மிடம் பதில் இருக்காது.

சென்னைப் புறநகரில் இருக்கும் ஒரு வாகன உதிரிபாக ஆலையில் 2024-இல் நாங்கள் பேசியதை இங்கே எழுதுகிறேன். நிரந்தரத் தொழிலாளர்கள் சுமார் 300 பேர். நிறுவனம் அடையாளம் தெரியாதபடி ஆலைக் கணக்குகளை எல்லாம் முழு எண்களாக்கி மாற்றியிருக்கிறேன், கணக்கின் வடிவம் மட்டும் அதேதான். குறியீட்டெண்கள் மத்திய அரசின் லேபர் பீரோ வெளியிட்டவை, அவற்றில் எதையும் மாற்றவில்லை.

எங்கள் பழைய ஒப்பந்தம் 2021 ஜனவரி 1 முதல் 2023 டிசம்பர் 31 வரை. தேதி முடிந்ததும் ஒப்பந்தம் தானாகச் செத்துவிடும் என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். 1947-ஆம் ஆண்டு தொழில் தகராறு சட்டத்தில் அப்படி இல்லை. முடித்துக்கொள்கிறோம் என்று எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து இரண்டு மாதம் ஆகும்வரை பழைய ஒப்பந்தம்தான் இரு தரப்பையும் கட்டுப்படுத்தும். அதனால் அக்டோபரிலேயே நோட்டீசும் கோரிக்கை மனுவும் ஒன்றாகக் கொடுத்துவிட்டோம். (2025 நவம்பர் 21-இல் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்துவிட்டது. இப்போது பேசப்போகிறவர்கள் பிரிவு எண்களைப் புதிய சட்டத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.) நிஜமான பேச்சு தொடங்கியது மார்ச்சில். ஜனவரி மாதக் குறியீட்டெண் பிப்ரவரிக் கடைசியில்தான் வெளிவரும், அதற்காகவே காத்திருந்தோம்.

பேச்சுவார்த்தை அறைக்குள் நாங்கள் ஏழு பேர் போனோம், பேசுவது ஒருவர்தான் என்று முன்பே முடிவு. மற்றவர்கள் யாராவது பேச நினைத்தால் ஒரு சீட்டில் எழுதி என்னிடம் தள்ள வேண்டும். கேட்பதற்கு இது கெடுபிடியாகத் தெரியலாம். ஆனால் ஏழு பேர் ஏழு குறைகளைச் சொன்னால் நிர்வாகம் அதில் எளிதான ஒன்றைப் பிடித்துக்கொண்டு அரை நாள் ஓட்டிவிடும், கேன்டீன் சாம்பார் பற்றியே மதியம்வரை பேசிவிட்டு எழுந்து போன கூட்டங்கள் உண்டு.

நான் முதலில் சொன்னது இது: “சார், தொகையைப் பற்றி இன்னைக்குப் பேச வேண்டாம். மூணு கணக்கு கொண்டுவந்திருக்கோம். ஒவ்வொண்ணா பார்ப்போம். எண் தப்பா இருந்தா சொல்லுங்க, திருத்திக்கிறோம். சரின்னா சரின்னு குறிப்புல எழுதிக்கலாம். தொகை அதுக்கப்புறம்.” மனிதவள மேலாளருக்கு இது கொஞ்சம் வித்தியாசமாக இருந்தது என்று நினைக்கிறேன். மறுப்பதற்கும் எதுவும் இல்லை, யாரும் இன்னும் எதையும் கேட்கவில்லையே.

முதல் கணக்கு ஒரு சம்பளச் சீட்டு. கிரைண்டிங் பிரிவில் வேலை பார்க்கும் ஒரு தோழரிடம் அனுமதி வாங்கி, பெயரை மறைத்து, இரண்டு சீட்டுகளைப் பக்கம் பக்கமாக ஒரே தாளில் நகல் எடுத்திருந்தோம். 2021 ஜனவரியில் அவர் மொத்தச் சம்பளம் 24,000. ஒப்பந்தத்தின் இரண்டாம் ஆண்டு உயர்வு 900, மூன்றாம் ஆண்டு 600. அப்படியாக 2024 ஜனவரியில் 25,500. அதற்குக் கீழே தொழில்துறைத் தொழிலாளர்களுக்கான அகில இந்திய நுகர்வோர் விலைக் குறியீட்டெண், 2016-ஐ 100 என்று வைத்தது: 2021 ஜனவரியில் 118.2, 2024 ஜனவரியில் 138.9. உயர்வு 17.5 சதவீதம். 24,000 ரூபாயை 138.9-ஆல் பெருக்கி 118.2-ஆல் வகுத்தால் 28,200 வருகிறது.

அவ்வளவுதான் கணக்கு, ஆனால் அதைச் சொல்லும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. “விலைவாசி ஏறிப்போச்சு” என்றால் எதிரில் இருப்பவர் “எனக்கும்தான் ஏறிப்போச்சு” என்பார், பேச்சு அங்கேயே முடிந்துவிடும். நான் சொன்னது: “2021-ல நீங்களும் நாங்களும் சேர்ந்து கையெழுத்துப் போட்ட 24,000 ரூபாய்க்கு இன்னைக்கு இருக்கிற பேர் 28,200. நீங்க கொடுக்கிறது 25,500. அந்த 2,700 ரூபாய் உயர்வு இல்ல சார், போன ஒப்பந்தத்துல நீங்க ஒத்துக்கிட்ட சம்பளத்தோட மிச்சம். உயர்வுன்னு நாங்க கேட்கப்போறது இதுக்கு மேல.” சொல்லிவிட்டு நிறுத்திவிட்டேன். நிதி மேலாளர் கால்குலேட்டரை எடுத்தார். அவர் போடட்டும் என்று காத்திருந்தோம். நாம் சொல்கிற எண்ணைவிட அவர் கையால் போட்டு வருகிற எண்ணுக்கு அந்த அறையில் மதிப்பு அதிகம். நம் கணக்கின் ஒவ்வொரு படியையும் தாளில் எழுதிக்கொண்டு போவதே அதற்காகத்தான். போட்டுப் பார்த்துவிட்டு அவர், “கணக்கு சரி. ஆனா முழு ஈடும் தரணும்னு எங்கேயும் இல்லையே” என்றார்.

அவர் சொன்னதும் சரி, எங்கள் பழைய ஒப்பந்தத்தில் பஞ்சப்படி நிலையான தொகை, குறியீட்டெண்ணோடு இணைக்கப்படவில்லை. அதை நான் மறுக்கவில்லை. “கட்டாயம்னு நாங்க சொல்லல. எண் சரின்னு மட்டும் எழுதிக்குவோம்” என்றேன். கூட்டக் குறிப்பில் ஒரு வரி ஏறியது. பின்னால் எல்லாப் பேரமும் அந்த வரியில் முட்டித்தான் நின்றது.

இங்கே குறியீட்டெண் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நான் பார்த்ததிலேயே அதிகப் பணம் சத்தமில்லாமல் போகிற இடம் இதுதான். 2020 செப்டம்பர் மாதத்திலிருந்து லேபர் பீரோ பழைய 2001 தொடரை விட்டுவிட்டு 2016 தொடருக்கு மாறியது. இரண்டுக்கும் இடையிலான இணைப்புக் காரணி 2.88. அதாவது புதிய தொடரில் ஒரு புள்ளி ஏறினால் பழைய தொடரில் 2.88 புள்ளி ஏறியதற்குச் சமம். உங்கள் பழைய ஒப்பந்தம் ‘ஒரு புள்ளிக்கு 4 ரூபாய்’ என்று 2001 தொடரில் எழுதப்பட்டிருந்தால், புதிய தொடரில் அது 11 ரூபாய் 52 காசு. பக்கத்து ஆலை ஒன்றில் தொடர் மாறியபோது 4 ரூபாயை அப்படியே 4 ரூபாயாக வைத்துவிட்டார்கள். பஞ்சப்படி ஏறிக்கொண்டுதான் இருந்தது, அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஏற வேண்டிய வேகத்தில் மூன்றில் ஒரு பங்கில் ஏறியது. உங்கள் சீட்டில் இப்படி நடக்கிறதா என்று பார்க்க வழி எளிது: தொடர் மாறுவதற்கு முந்தைய ஒரு ஆண்டில் பஞ்சப்படி எவ்வளவு ஏறியது, மாறிய பிறகு ஒரு ஆண்டில் எவ்வளவு ஏறியது என்று பாருங்கள். விலைவாசி ஏறும் வேகம் ஏறக்குறைய அப்படியே இருக்க, பஞ்சப்படியின் ஏற்றம் மட்டும் திடீரென்று குறைந்திருந்தால், காரணியை விட்டுவிட்டார்கள் என்று அர்த்தம்.

சரி, இரண்டாவது கணக்கு. அது நிறுவனத்தின் சொந்தக் கணக்கு. எங்களுடையது பங்குச் சந்தையில் இல்லாத கம்பெனி, ஆனாலும் ஆண்டுக் கணக்கைக் கம்பெனிப் பதிவாளரிடம் தாக்கல் செய்தே ஆக வேண்டும், கட்டணம் கட்டினால் யாரும் இணையத்தில் எடுத்துப் பார்க்கலாம். எடுத்தோம். விற்பனையில் ஊழியர் செலவு 2018-19-இல் 14 சதவீதம், 2022-23-இல் 12 சதவீதம். பார்த்தவுடன் கை பரபரக்கும், இதை மேசையில் போட்டுவிடலாம் என்று. போடக்கூடாது. வாகன உதிரிபாகத் தொழிலில் எஃகு விலை ஏறினால் வாகனக் கம்பெனி பாகத்தின் விலையையும் கூட்டிக் கொடுக்கும். அப்போது ஒரு பாகம்கூட அதிகமாகச் செய்யாமலே விற்பனைத் தொகை வீங்கும், நம் சதவீதம் தானாகச் சுருங்கும். எதிரே உட்கார்ந்திருக்கும் நிதி மேலாளருக்கு இது அத்துப்படி. ஒரே வரியில் உடைத்துவிடுவார், அப்புறம் நம் மற்ற தாள்களையும் அதே கண்ணோடு பார்ப்பார்.

அதனால் விற்பனையிலிருந்து மூலப்பொருள், மின்சாரம், டூல்ஸ், சரக்குக் கட்டணம் எல்லாவற்றையும் கழித்துவிட்டு, ஆலைக்குள் உண்மையில் உருவான மதிப்பை மட்டும் எடுத்தோம். 2018-19-இல் அது 30 கோடி, அதில் ஊழியர்களுக்குப் போனது 14 கோடி. 2022-23-இல் 42 கோடி, அதில் 18 கோடி. கிட்டத்தட்ட 47 சதவீதமாக இருந்தது 43 ஆகிவிட்டது. பழைய விகிதம் நின்றிருந்தால் ஊழியர் செலவு இன்னும் சுமார் 1.6 கோடி அதிகமாக இருந்திருக்கும். ஒப்பிடும் ஆண்டாக 2020-21-ஐ எடுத்திருந்தால் இன்னும் பிரமாதமாகத் தெரியும், அது கொரோனா ஆண்டு, லாபம் தரையில் கிடந்தது. “எங்களுக்கு வசதியா 2020-21-லேர்ந்து போட்டிருக்கலாம், போடல. அது யாருக்கும் நியாயமான வருஷம் இல்ல” என்று நானே சொன்னேன். அந்த 18 கோடியில் அலுவலர்கள், அதிகாரிகள் சம்பளமும் இருக்கிறது, 1.6 கோடி முழுக்க எங்களுக்கு வர வேண்டியது இல்லை என்பதையும் அவர்கள் கேட்பதற்கு முன் சொல்லிவிட்டேன். நமக்கு எதிரான உண்மையை நாமே சொல்லும்போது மற்றதை நம்ப அவர்களுக்குக் காரணம் கிடைக்கிறது. தவிர, எப்படியும் அவர்கள் கண்டுபிடிக்கத்தான் போகிறார்கள். “அதுல உங்க பங்கு மூணுல ரெண்டுதான் வரும்” என்றார் நிதி மேலாளர். நல்லது என்று எழுதிக்கொண்டேன். பங்கு எவ்வளவு என்று அவர் பேசத் தொடங்கிவிட்டார், அந்தக் கணக்கு முறையையே இனி அவர் மறுக்க முடியாது.

கம்பெனியின் சக்தி பற்றிச் சட்டம் சொல்வதையும் இங்கே சேர்த்துவிடுகிறேன். குறைந்தபட்ச ஊதியத்தைக் கொடுக்க முடியவில்லை என்றால் அந்தத் தொழிலை நடத்தவே உரிமை இல்லை என்கிற நிலைப்பாட்டை உச்ச நீதிமன்றம் 1950-களிலேயே கிரவுன் அலுமினியம் வழக்கில் எடுத்துவிட்டது. அங்கே ‘கட்டுப்படி ஆகாது’ என்கிற வாதம் செல்லாது. ஆனால் அதற்கு மேலே, நியாய ஊதியம் என்று பேசும் இடத்தில், அந்தத் தொழிலும் அந்த வட்டாரமும் தாங்குகிற சக்தி கணக்கில் வரும். எக்ஸ்பிரஸ் நியூஸ்பேப்பர்ஸ் வழக்கில் 1958-இல் சொன்னது அது. நம் ஆட்கள் சிலருக்கு இது பிடிக்காது. ஆனால் 25,000-க்கு மேல் சம்பளம் வாங்கும் ஆலையில் நாம் நிற்பது இரண்டாவது இடத்தில்தான், ஆகவே கம்பெனியின் ஏட்டைப் படிக்காமல் போவது வெறுங்கையோடு போவது.

மூன்றாவது உற்பத்தி. ஷிப்டுக்கு எத்தனை பாகம் என்பதைப் பலகையில் எழுதிப் போடும் வழக்கம் எங்கள் ஆலையில் உண்டு, இன்சென்டிவ் சீட்டிலும் வரும். புது லைனில் உற்பத்தி அபாரமாக ஏறியிருந்தது, ஆனால் அங்கே புது சி.என்.சி. மெஷின் போட்டிருக்கிறார்கள், ஏற்றத்துக்குக் காரணம் மெஷின் என்பார்கள், அது பெருமளவு உண்மையும்கூட. எனவே அதைத் தொடாமல், ஒரு மெஷினும் மாற்றப்படாத பழைய லைனை மட்டும் எடுத்தோம். அங்கே ஷிப்டுக்கு 480 ஆக இருந்தது 540 ஆகியிருந்தது. அதே மெஷின், ஆளும் கூடவில்லை. காரணம் எங்களுக்குத் தெரியும்: பாகம் மாற்றும்போது செட்டிங்குக்கு எடுக்கும் நேரத்தை ஆபரேட்டர்களே குறைத்திருந்தார்கள், அடுத்த பாகத்தைப் பிடிக்கும் ஜாக்களையும் டூலையும் முந்தைய லாட் ஓடிக்கொண்டிருக்கும்போதே எடுத்துத் தயாராக வைத்துவிடுவார்கள். உற்பத்தி மேலாளர் அதை மறுக்கவில்லை, அவரே அந்த லைனுக்குப் பரிசு கொடுத்தவர்.

அப்போதுதான் பொது மேலாளர் அந்த அறையில் முதல் தடவையாக நீளமாகப் பேசினார். “நீங்க சொல்றதெல்லாம் சரி. ஆனா வெளியில பாதிச் சம்பளத்துக்குக் காண்ட்ராக்ட்ல ஆள் கிடைக்குதே, நான் என் முதலாளிக்கு என்ன பதில் சொல்ல?” கோபம் வருகிற இடம் இது. எங்கள் பக்கம் இரண்டு பேர் நிமிர்ந்து உட்கார்ந்ததை நான் பார்த்தேன். ஆனால் அவர் கேட்டது நேர்மையான கேள்வி, அவருக்கு மேலே ஒருவர் இருக்கிறார், அவரிடம் கொண்டுபோக இவருக்கு ஏதாவது வேண்டும். “சார், காண்ட்ராக்ட் தோழர்களுக்கும் கூடக் கொடுக்கணும்ங்கறதுதான் எங்க நிலை, அதுக்குத் தனி மனு கொடுத்திருக்கோம். இப்ப உங்க கேள்விக்கு மட்டும் பதில் சொல்றேன். பழைய லைன்ல அந்த 60 பாகம் செட்டிங் தெரிஞ்சவனால வந்தது. முதலாளிகிட்ட அதைச் சொல்லலாம்” என்றேன். அவர் பதில் எதுவும் சொல்லவில்லை, அந்தத் தாளை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

தொகை அடுத்த கூட்டத்தில்தான் வந்தது. அவர்கள் மூன்று ஆண்டுக்குச் சேர்த்து 3,500 என்று தொடங்கினார்கள், முதல் ஆண்டில் 1,800. “இதுல முதல் வருஷம் 1,800-ன்னா, 2,700 பள்ளத்துல 900 அப்படியே நிக்குது. நம்ம குறிப்புல நீங்க சரின்னு எழுதின கணக்குப்படி இது சம்பளக் குறைப்பு. அப்படித்தான் நான் வாயிற்கூட்டத்துல சொல்லியாகணும்” என்றேன். மிரட்டவில்லை, அது உண்மையிலேயே நான் சொல்லியாக வேண்டிய விஷயம். பிறகு பல அமர்வுகள், நடுவில் ஒரு நாள் பேச்சு முறிந்து தொழிலாளர் அலுவலர் அழைத்தார், அதையெல்லாம் விவரிக்கத் தேவையில்லை. மூன்று ஆண்டுக்கு 6,000, அதில் முதல் ஆண்டு 3,000 என்று நின்றது. நாங்கள் மனுவில் கேட்டது 9,000.

தொகை முடிந்ததும் எல்லாரும் கை குலுக்கிவிட்டுப் போக நினைப்பார்கள், ஆனால் பாதிப் பணம் இனிமேல்தான் தீர்மானமாகிறது. நிர்வாகம் கொண்டுவந்த வரைவில் 3,000-இல் 2,200 ‘சிறப்புப் படி’ என்று போட்டிருந்தது. பணிக்கொடை அடிப்படை ஊதியமும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையில்தான் கணக்கிடப்படுகிறது, சேவை ஆண்டு ஒன்றுக்கு 26-இல் 15 பங்கு. 3,000 முழுவதும் அடிப்படையில் சேர்ந்தால் 25 ஆண்டு சேவை உள்ளவருக்குப் பணிக்கொடையில் 43,000 ரூபாய்க்கு மேல் கூடும். படியாக வந்தால் அந்தப் பகுதிக்கு ஒன்றும் கூடாது. (புதிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில், விலக்கப்படும் படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டிய பகுதி ஊதியமாகவே கொள்ளப்படும். பாதிவரை இந்த வழி இன்னும் திறந்துதான் இருக்கிறது.) இந்தக் கணக்கையும் ஒரு தாளில் போட்டு வைத்தோம். கடைசியில் 2,000 அடிப்படை, 1,000 படி என்று ஆனது. எனக்கு அதில் இன்றும் திருப்தி இல்லை.

இன்னொரு கண்ணி இளைய தொழிலாளர்களுக்கு இருந்தது. இ.எஸ்.ஐ. வரம்பு 2017-லிருந்து 21,000 ரூபாய். எங்கள் கடைசிக் கிரேடில் 20,000-க்குக் கொஞ்சம் மேலே வாங்குகிறவர்கள் நாற்பது பேர்போல இருந்தார்கள். 3,000 உயர்வு வந்த உடனே அவர்கள் வரம்பைத் தாண்டுவார்கள், நடப்புப் பங்களிப்புக் காலம் முடிந்ததும் இ.எஸ்.ஐ. நின்றுவிடும். அதில் ஒருவர் வீட்டில் அம்மாவுக்கு டயாலிசிஸ் இ.எஸ்.ஐ. வழியாக நடந்துகொண்டிருந்தது. சம்பள உயர்வு அந்தக் குடும்பத்தை எங்கே கொண்டுபோய் விட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பெற்றோரையும் சேர்த்துக் குழு மருத்துவக் காப்பீடு, ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு முதல் நாளிலிருந்து பாதுகாப்பு, இரண்டையும் ஒப்பந்தத்திலேயே எழுத வைத்தோம். ‘நிர்வாகம் பரிசீலிக்கும்’ என்று எழுதுவதற்கு நாங்கள் ஒத்துக்கொள்ளவில்லை.

குறியீட்டெண்ணும் இந்த முறை உள்ளே வந்தது. 139-க்கு மேல் ஏறும் ஒவ்வொரு புள்ளிக்கும் 50 ரூபாய், ஆறு மாதச் சராசரியில். 25,500 ரூபாய்க்கு முழு ஈடு என்றால் ஒரு புள்ளிக்கு 180 ரூபாய்க்கு மேல் வேண்டும், ஆக இது கால் பங்கைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். ஆனால் ஒன்றுமில்லாத இடத்தில் ஒரு சூத்திரம் வந்துவிட்டது, அடுத்த முறை 50-ஐ ஏற்றுவதைப் பற்றிப் பேசலாம். அந்த ஷரத்தில் ‘2016=100 தொடர், தொடர் மாறினால் லேபர் பீரோ அறிவிக்கும் இணைப்புக் காரணியால் பெருக்கப்படும்’ என்று முழுசாக எழுதச் சொன்னோம்.

கையெழுத்து தொழிலாளர் அலுவலர் முன்னிலையில், தொழில் தகராறு சட்டத்தின் 12(3) பிரிவு ஒப்பந்தமாக. நிர்வாகத்துக்கு 18(1)-இல் நேரடியாக முடித்துக்கொள்ள ஆசை. அப்படிப் போட்டால் கையெழுத்திட்ட தரப்பை மட்டும்தான் கட்டுப்படுத்தும், எங்கள் சங்கத்தில் இல்லாத முப்பது பேருக்கு என்ன என்ற கேள்வி எழும். சமரச நடவடிக்கையில் வரும் ஒப்பந்தம் ஆலையில் இருக்கிற எல்லாத் தொழிலாளர்களுக்கும், பின்னால் சேர்கிறவர்களுக்கும் பொருந்தும். கடைசியாக நாங்கள் சேர்க்கச் சொன்ன வரி, 2024 ஜனவரி 1-க்கும் கையெழுத்தான நாளுக்கும் நடுவில் ஓய்வு பெற்றவர்களுக்கு நிலுவைத் தொகையும் திருத்திய பணிக்கொடையும் சேரும் என்பது. ஐந்து பேர் இருந்தார்கள். அவர்களில் இரண்டு பேர் ஊருக்கே போய்விட்டதால் வங்கிக் கணக்கு எண்ணை வாங்கிக் கொடுக்கும் வேலையைச் சங்கப் பொருளாளர் எடுத்துக்கொண்டார், ஆகஸ்டு சம்பளத்தோடு அவர்களுக்கும் பணம் போய்ச் சேர்ந்தது.